3,350 பேர் பட்டியலை 610 பேர் பட்டியல் தோற்கடித்த கதை: மொரிஷியஸில் லுக்-அலைக் ஆடியன்ஸ் செய்வதற்கு முழு வழிகாட்டி

ரோஸ் ஹில்லில் புடவைக் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவருக்கு நான்தான் ஃபேஸ்புக் விளம்பரம் பார்த்துக்கொள்கிறேன். போன வருடம் ஒரு நாள் கடைக்குக் கூப்பிட்டு, ஒரு எக்செல் ஃபைலைக் காட்டி, "தம்பி, நாலாயிரம் பேர் இருக்காங்க, இவங்களை மாதிரியே இன்னும் ஆளுங்களை அது தேடிக் கொடுக்குமாமே?" என்று கேட்டார். கொடுக்கும், அதற்குப் பெயர்தான் லுக்-அலைக் ஆடியன்ஸ். ஆனால் "இவங்க" யார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அந்த ஃபைலை வைத்து நாங்கள் செய்ததை, சொதப்பியதையும் சேர்த்து, படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் மெட்டா உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். நீங்கள் கொடுக்கும் பட்டியலை விதை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் போன் நம்பரையும் மின்னஞ்சலையும் வைத்து இவர்களுக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் கணக்கு இருக்கிறதா என்று பார்க்கிறது. கிடைத்தவர்களிடம் பொதுவாக என்ன இருக்கிறது, நாட்டில் மற்றவர்களிடம் இல்லாதது என்ன என்று பார்த்து, நாட்டில் உள்ள அத்தனை கணக்குகளையும் ஒரு வரிசையில் நிற்க வைக்கிறது, ரொம்ப ஒத்துப்போகிறவர் முன்னால், ஒத்துப்போகாதவர் கடைசியில். அந்த வரிசையின் முதல் நூறில் ஒரு பங்குதான் 1% லுக்-அலைக். 10% வரை போகலாம்.

இந்த விஷயத்தில் நம் ஊர் மாட்டிக்கொள்கிறது. இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் பெரும்பாலும் அமெரிக்காவையோ இந்தியாவையோ மனதில் வைத்து எழுதியவை, அங்கே 1% என்றாலே பல லட்சம் பேர். மொரிஷியஸின் மக்கள்தொகையே பன்னிரண்டு லட்சத்துச் சொச்சம். கணக்குக்கு 8 லட்சம் கணக்குகள் என்று வைத்துக்கொண்டால், 1% என்பது 8,000 பேர், அவ்வளவுதான். இது விதையின் அளவையும், எத்தனை சதவீதம் எடுப்பது என்பதையும் அடியோடு மாற்றிவிடுகிறது.

ஃபைலைச் சுத்தம் செய்வது

அக்காவின் ஃபைலில் 4,180 வரி. 2011-லிருந்து சேர்த்தது. ஒரே ஆள் மூன்று தடவை, பெயர் மட்டும் வேறு எழுத்துக்கூட்டலில். அதையெல்லாம் நீக்கியதும் 3,350 மிஞ்சியது. அப்படியே ஏற்றிப் பார்த்தேன், மெட்டா காட்டிய ஆடியன்ஸ் அளவு சுமார் 1,100. மூன்றில் ஒரு பங்குதான் மெட்டாவின் கணக்குகளோடு ஒட்டுகிறது என்றால் ஏதோ தவறு.

தவறு போன் நம்பரில் இருந்தது. 2013 செப்டம்பரில் நம் மொபைல் நம்பர்கள் ஏழு இலக்கத்திலிருந்து எட்டாக மாறின, முன்னால் ஒரு 5 சேர்ந்தது, ஞாபகம் இருக்கும். அதற்கு முந்தைய வரிகள் எல்லாம் ஏழு இலக்கத்தோடு அப்படியே கிடந்தன. கண்ணை மூடிக்கொண்டு எல்லா ஏழு இலக்க நம்பருக்கும் 5 போட்டுவிடவும் முடியாது, ஏனென்றால் வீட்டு லேண்ட்லைன் இன்றைக்கும் ஏழு இலக்கம்தான். 7-லோ 9-லோ ஆரம்பித்தால் பழைய மொபைல் என்று எடுத்துக்கொண்டேன், மீதியைக் காலியாக விட்டேன். இடைவெளி, கோடு எல்லாம் எடுத்த பிறகு A நெடுவரிசையில் நம்பர் இருந்தால் இது போதும்:

```
=IF(LEN(A2)=8,"+230"&A2,
 IF(AND(LEN(A2)=7,OR(LEFT(A2)="7",LEFT(A2)="9")),
 "+2305"&A2,""))
```

ரியூனியனிலிருந்து வந்து வாங்கிப் போனவர்கள் வேறு. அவர்கள் நம்பர் 0692, 0693 என்று இருக்கும். முன்னால் இருக்கும் 0-வை எடுத்துவிட்டு +262 போட வேண்டும். கூட்டல் குறி இல்லாமல் எழுதினால் 12 இலக்கம் ஆகிறது, எக்செல் அதை 2.62693E+11 என்று சுருக்கி, சேமிக்கும்போது அந்தச் சுருக்கத்தையே எழுதிவிடும், நம்பர் போச்சு. அதனால் நம்பரை ஒட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை Text என்று மாற்றிவிடுங்கள். இந்த வரிகளை மொரிஷியஸ் பட்டியலில் கலக்காமல் தனி ஃபைலாக வைத்துக்கொள்ளுங்கள், ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

மின்னஞ்சல் இருந்தால் கட்டாயம் சேருங்கள், ஒன்று ஒட்டாவிட்டால் இன்னொன்று ஒட்டும். கடைசியில் ஃபைல் இப்படி இருக்கும்:

```
phone,email,fn,country,value
+2305XXXXXXX,peyar@example.com,devi,MU,18400
```

இவ்வளவும் செய்து மறுபடி ஏற்றியதும் 1,100 என்பது சுமார் 1,900 ஆனது. பழைய நம்பர்களில் சில இப்போது வேறு யாரிடமோ இருக்கலாம், அதற்கு மருந்து இல்லை.

ஏற்றும்போது நம்பரும் மின்னஞ்சலும் உங்கள் பிரௌசரிலேயே SHA-256 முறையில் குறியீடாக மாற்றப்பட்டுத்தான் போகும். அதற்காக "யார் தகவலும் வெளியே போகவில்லை" என்று சொல்லிக்கொள்ள முடியாது. 2017-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இந்த ஆட்களின் தகவலை விளம்பரத்துக்குப் பயன்படுத்த என்ன அடிப்படை என்று கேட்டால் காட்ட உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும். அக்கா இப்போது பில் போடும்போதே ஒரு வரியில் சம்மதம் கேட்டு டிக் போடுகிறார். வேண்டாம் என்றவர்கள் ஃபைலில் ஏறுவதில்லை.

யாரை விதையாக எடுப்பது

3,350 பேரையும் அப்படியே விதையாக்கலாம். மெட்டா தன் உதவிப் பக்கத்தில் 1,000 முதல் 5,000 பேர் வரை நல்லது என்று சொல்கிறது, நாமும் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறோம். ஆனால் ஃபைலை ஒவ்வொரு வரியாகப் பார்த்தபோது எனக்குப் பயமாக இருந்தது. கிட்டத்தட்ட 1,400 பேர் தீபாவளி சமயத்தில் கடை வாசலில் வைத்திருந்த பெட்டியில் பெயர் எழுதிப் போட்டவர்கள், பரிசு ஒரு மிக்சி. அதில் பலர் ஒரு ஜாக்கெட் துணிகூட வாங்கியதில்லை. அவர்களுக்குப் பொதுவாக இருப்பது புடவை ஆசை இல்லை, இலவசத்துக்குப் பெயர் எழுதும் பழக்கம். அவர்களை விதையாகப் போட்டால் மெட்டா இன்னும் ஆயிரக்கணக்கில் இலவசப் பிரியர்களைத் தேடித் தரும். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, நாம் கேட்டது தவறு.

இதைவிட நுணுக்கமான இன்னொரு தொல்லை இருக்கிறது, சின்னக் கடைகளில் இதை யாரும் கவனிப்பதில்லை. புடவை வாங்குவது அம்மா, பில்லில் எழுதும் நம்பர் கூட வந்த மகனுடையது. மெட்டாவுக்குத் தெரிவது நம்பர் யாருடையதோ அவரைத்தான். அக்காவிடம் கேட்டேன், "நூறு பேர்ல இருபது பேர் அப்படித்தாம்பா" என்றார். பழைய வரிகளில் இதைச் சரிசெய்ய வழியில்லை. கொஞ்சம் ஆண் பெயர் இருந்தால் தப்பில்லை, நிறைய இருந்தால் அந்தக் காலகட்டத்து வரிகளையே விட்டுவிடலாம்.

பெரிய பட்டியல் கெடுவதற்குக் காரணம் குப்பை மட்டும் இல்லை. குப்பை எதுவும் இல்லாத 3,350 பேர் என்றாலும், பத்து வருடத்தில் ஒரே ஒரு முறை ஒரு கைக்குட்டை வாங்கியவரும் வருடம் நாலு முறை வருபவரும் அதில் சமம். இத்தனை வகை ஆட்களிடம் பொதுவாக எஞ்சுவது "மொரிஷியஸில் இருக்கிறார், துணி வாங்குவார்" என்பது மாதிரி சப்பென்ற விஷயம்தான். நாட்டில் பாதிப்பேர் அப்படித்தான். வரிசையின் முன்னால் யார் நிற்பது என்று முடிவு செய்ய அதில் பிடிமானம் இல்லை.

ஆகவே மூன்று விதைகள் பிரித்தோம்.

ஒன்று, எல்லோரும், 3,350 வரி. இரண்டு, கடந்த 18 மாதத்தில் இரண்டு தடவையாவது வாங்கியவர்கள், 610 வரி. மூன்று, கல்யாணத்துக்காக 25,000 ரூபாய்க்கு மேல் வாங்கியவர்கள், 140 வரி.

மூன்றாவதன் மேல்தான் எனக்கு ஆசை, அது நடக்கவே இல்லை. லுக்-அலைக் உருவாக, ஒரே நாட்டில் குறைந்தது 100 பேராவது விதையில் ஒட்டியிருக்க வேண்டும். ஃபைலில் 100 வரி இருப்பது போதாது, ஒட்டுவது 100 வேண்டும். 140-ல் எண்பது பேர் போலத்தான் ஒட்டியிருப்பார்கள், சின்னப் பட்டியல் என்றால் மெட்டா சரியான எண்ணைக் காட்டாது, Below 1000 என்று நின்றுவிடும். பெரிய பட்டியலில் எத்தனை பங்கு ஒட்டியது என்று பார்த்து அந்த விகிதத்தால் ஊகிப்பதுதான் வழி. எங்களுக்கு 3,350-க்கு 1,900, அதாவது நூற்றுக்கு ஐம்பத்தேழு.

100-ஐத் தாண்டிவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். 120 பேர் ஒட்டிய விதையில் ஒரே கல்யாண வீட்டைச் சேர்ந்த பத்துப் பேர் இருந்தால், அந்தக் குடும்பத்தின் ஊர், வயது, அவர்கள் பின்தொடரும் பக்கங்கள் எல்லாம் சேர்ந்து முழு வரிசையையும் தங்கள் பக்கம் இழுத்துவிடும். என் அனுபவத்தில் ஒட்டியது 300-க்குக் கீழே இருந்தால் நம்பிச் செலவு செய்ய மாட்டேன். அப்படிக் குறைவாக இருந்தால், தரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள்: முதலில் 18 மாதத்தை 30 மாதமாக்குங்கள், அப்போதும் போதாவிட்டால் ஒரே தடவை ஆனால் நல்ல தொகைக்கு வாங்கியவர்களைச் சேருங்கள். குலுக்கல் பெட்டிக்காரர்களை எந்த நிலையிலும் சேர்க்க வேண்டாம். 610 வரி விதையில் 350 பேர் போல ஒட்டியிருக்கும் என்று கணக்குப் போட்டு அதோடு போனோம்.

ஃபைலில் value என்று ஒரு நெடுவரிசை பார்த்தீர்கள் அல்லவா? ஏற்றும்போது வாடிக்கையாளர் மதிப்பு இருக்கிறதா என்று கேட்கும், இருக்கிறது என்றால் அதிகம் செலவு செய்தவர்களுக்கு அதிக எடை கொடுத்து வரிசை போடும். நல்ல வசதி, ஆனால் ஒரு பொறி. அக்காவிடம் மொத்தமாக வாங்கிக் கிராமத்தில் விற்கும் இரண்டு பேர் இருந்தார்கள், ஒருவர் கணக்கில் நாலு லட்சம் ரூபாய். அந்த ஒரு வரி மற்ற நூறு வரிகளை அமுக்கிவிடும். மொத்த வியாபாரிகளை நீக்கினோம், மீதியில் 40,000-க்கு மேல் போன எல்லாவற்றையும் 40,000 என்றே எழுதினோம். தொகையில் காற்புள்ளியோ Rs என்றோ போடாமல் வெறும் எண்ணாக எழுதுங்கள்.

உருவாக்குவதும், எத்தனை சதவீதம் என்பதும்

Ads Manager-ல் Audiences பக்கம் போய், Custom Audience, அதில் Customer list. ஃபைலை ஏற்றியதும் நெடுவரிசைகளைச் சரியாகப் புரிந்துகொண்டதா என்று ஒரு திரை வரும், அவசரப்படாமல் பாருங்கள். அப்புறம் Lookalike Audience, விதையைத் தேர்ந்தெடுத்து, நாடு Mauritius. தயாராக ஒரு நாள் வரை ஆகலாம்.

சதவீதம் என்ன போடுவது? பாடப்புத்தகம் 1% என்று சொல்லும். நம் ஊருக்குக் கணக்கு போட்டுப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு 9,800 ரூபாய் செலவு. எங்கள் கணக்கில் ஆயிரம் தடவை காட்ட சுமார் 120 ரூபாய் ஆகிறது. அப்படியென்றால் 81,000 தடவைக்கு மேல் காட்டப்படும். 8,000 பேருக்கு என்றால் ஆளுக்குப் பத்துத் தடவை! இரண்டு வாரத்தில் ஒரே புடவையைப் பத்துத் தடவை பார்த்தால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். 3% எடுத்தால் 24,000 பேர், ஆளுக்கு மூன்று நாலு தடவை. அதனால் 3%. செலவு இன்னும் சின்னதாக இருந்தால் 1% சரி, தீபாவளிக்கு முன்னால் தாராளமாகச் செலவு செய்வதாக இருந்தால் 5% போகலாம். விளம்பரம் ஓடும்போது, ஆளுக்குச் சராசரியாக எத்தனை தடவை காட்டியது என்று சொல்லும் Frequency என்ற நெடுவரிசையைப் பாருங்கள், அது ஏறிக்கொண்டே போக, ஒரு வாட்ஸ்அப் செய்திக்கு ஆகும் செலவும் ஏறினால் ஆடியன்ஸ் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்தச் சின்ன வட்டத்துக்கு மேல் "பெண்கள் மட்டும், 30 முதல் 55, தமிழ் ஆர்வம்" என்று மேலும் மேலும் வடிகட்டாதீர்கள். அதையெல்லாம் விதை ஏற்கெனவே சொல்லிவிட்டது. ஒன்று மட்டும் கட்டாயம் செய்யுங்கள்: முழு 3,350 பேரையும் விலக்கு என்று Exclude-ல் போடுங்கள். இல்லையென்றால் இரண்டாவது விதையில் இல்லாத பழைய வாடிக்கையாளர்கள் லுக்-அலைக்குக்குள் வந்து, வாங்கி, விளம்பரம் பிரமாதமாக வேலை செய்ததாகக் காட்டுவார்கள்.

இன்னொரு விஷயம், இது நிறையப் பேரை ஏமாற்றுகிறது. யாருக்குக் காட்டுவது என்று மெட்டாவே முடிவு செய்யும் Advantage+ audience இயங்கினால் உங்கள் லுக்-அலைக் வெறும் ஆலோசனைதான், மெட்டா அதைத் தாண்டி யாருக்கு வேண்டுமானாலும் காட்டும். விதைகளை ஒப்பிடும்போது அது இயங்கினால் எதை அளக்கிறோம் என்றே தெரியாது. பழைய ஆடியன்ஸ் முறைக்கு மாற்றி, விரிவாக்கும் டிக் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு ஓட்டினோம். இணையதளத்தில் வாங்க வைப்பது போன்ற கன்வர்ஷனுக்காக ஓட்டும் விளம்பரங்களில் அந்த விரிவாக்கத்தை அணைக்க விடாது. எங்களுடையது வாட்ஸ்அப் செய்திக்கான விளம்பரம், அதனால் தப்பித்தோம்.

என்ன நடந்தது

Experiments பகுதியில் A/B சோதனை வைத்தோம், அதில் ஒரே ஆள் இரண்டு பக்கமும் வராமல் பிரித்துவிடும். ஒரே படம், ஒரே வாசகம், பக்கத்துக்கு 9,800 ரூபாய், 14 நாள், இரண்டுமே 3%. ஒரு பக்கம் எல்லோரும் விதை, மறுபக்கம் 610 பேர் விதை.

எல்லோரும் விதையில் 212 பேர் வாட்ஸ்அப்பில் பேசினார்கள், ஒருவருக்கு 46 ரூபாய். 610 பேர் விதையில் 158 பேர், ஒருவருக்கு 62 ரூபாய். திரையை மட்டும் பார்த்தால் பெரிய விதை ஜெயித்தது. அக்காவுக்குச் சந்தோஷம், எனக்கு முகம் தொங்கிவிட்டது.

ஆனால் வாட்ஸ்அப்பில் பேசியவர்களில் யார் கடைக்கு வந்து வாங்கினார்கள் என்று அக்காவின் பெண் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள், எந்த விளம்பரத்திலிருந்து வந்தார் என்று தெரிய ஒவ்வொரு விளம்பரத்துக்கும் முதல் செய்தியை வேறு வேறாக வைத்திருந்தோம். பெரிய விதையிலிருந்து வாங்கியவர்கள் 11 பேர், ஆளுக்கு ஆன செலவு 891 ரூபாய். சின்ன விதையிலிருந்து 19 பேர், 516 ரூபாய். பெரிய விதையில் வந்த செய்திகளில் "பரிசு உண்டா", "டிஸ்கவுன்ட் எவ்வளவு" என்பதே பாதி. மிக்சிக்காரர்கள் தங்கள் சொந்தக்காரர்களை அனுப்பிவிட்டார்கள்.

உடனே குதிக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னேன். 11-க்கும் 19-க்கும் உள்ள வித்தியாசம் அதிர்ஷ்டத்தால்கூட வரும் அளவுதான், ஒரு கல்யாண வீட்டார் அந்தப் பக்கம் வந்திருந்தால் கதையே மாறியிருக்கும். அடுத்த மாதம் வேறு படத்தோடு மறுபடி ஓட்டினோம், அதே செலவு. 13-க்கு 22. இரண்டையும் சேர்த்தால் 24-க்கு 41, இப்போது நம்பலாம். value நெடுவரிசையோடு மூன்றாவது ஓட்டம் ஒன்றும் செய்தோம், வாங்கியவர் எண்ணிக்கை கிட்டத்தட்ட அதேதான், சராசரி பில் கொஞ்சம் கூடியது, ஆனால் ஒரே ஓட்டத்தை வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

பிறகு பராமரிப்பது

லுக்-அலைக் தன்னைத்தானே சில நாட்களுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளும், ஆனால் நீங்கள் ஏற்றிய ஃபைல் ஏற்றிய நாளிலேயே நின்றுவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புது ஆடியன்ஸ் உருவாக்காமல், பழைய அதே ஆடியன்ஸில் பட்டியலை மாற்றுகிறேன், லுக்-அலைக்கின் இணைப்பு அறுவதில்லை. தைப்பூசக் காவடி முடிந்ததும் ஒருமுறை, தீபாவளி முடிந்ததும் ஒருமுறை கட்டாயம். காவடிக்கு வேட்டி, புடவை வாங்குபவரும் கல்யாணப் பட்டு வாங்குபவரும் ஒரே ஆள் இல்லை, பட்டியல் வளர்ந்தால் இவர்களைத் தனித்தனி விதையாக்க வேண்டும் என்று இருக்கிறேன்.

ரியூனியன் ஃபைலைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். அவர்கள் இங்கே வரும்போது ஒரே தடவையில் நிறைய வாங்குவார்கள், அதனால் 610-ல் கலந்தால் value எடை அவர்கள் பக்கம் சாயும், ஆனால் நாம் காட்டப் போவது மொரிஷியஸில் இருப்பவர்களுக்கு. விடுமுறைக்கு வந்து செலவழிப்பவரின் சாயலை ரோஸ் ஹில்லில் தேடி என்ன பயன்? தனியாக எண்ணிப் பார்த்தால் 130 வரி, நூற்றுக்கு ஐம்பத்தேழு என்றால் 74 பேர்தான் ஒட்டுவார்கள், 100-க்கே இருபத்தாறு குறைவு. இப்போது சேன் தெனியிலிருந்தோ சேன் பியேரிலிருந்தோ யார் வந்தாலும், மின்னஞ்சலையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள் என்று அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். 250 வரி வந்ததும் ஏற்றிப் பார்ப்போம்.